மூன்றரை வயது மகளுக்கு ஏற்ற பாத்ரூம்: எதை முதலில் செய்வது?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. உயரம் 97 செ.மீ. பல் தேய்ப்பது, கை கழுவுவது, குளிப்பது எல்லாவற்றையும் தானே செய்வேன் என்று அடம்பிடிக்கிறாள். நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம் ஒரு வாடகை ஃபிளாட். டைல்ஸில் ஓட்டை போடக் கூடாது என்று ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாஷ்பேசின் பாத்ரூமுக்குள்தான், 84 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 15 லிட்டர் கீசர். போர் தண்ணீர், உப்பு அதிகம். மாமியாரும் அதே பாத்ரூமைத்தான் பயன்படுத்துகிறார். ஸ்டூல், வழுக்காத மேட், ஒட்டும் கொக்கி என்று ஆன்லைனில் நிறையப் பார்த்து வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்குவது மேடம்?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் எதையும் வாங்க வேண்டாம். இன்றைக்கே வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். சுவரிலிருந்து இரண்டு சின்னக் குழாய்கள் மேலே போகும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத்தான் பிளம்பர்கள் ஆங்கிள் காக் என்பார்கள். இரண்டு குழாய் இருந்தால் ஒன்று வெந்நீர், பெரும்பாலும் இடது பக்கம். எது என்று சந்தேகம் இருந்தால் கீசரைப் போட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வெந்நீர்க் குழாயின் ஆங்கிள் காக்கை வலது பக்கமாகத் திருகி முழுவதும் மூடிவிடுங்கள். இனி உங்கள் மகள் வாஷ்பேசின் குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் கீசர் தண்ணீர் வராது. ஒரு ரூபாய் செலவில்லை, ஓனரிடம் கேட்கவும் வேண்டாம். ஸ்டூலை வாங்கி வைத்த நிமிடத்திலிருந்து குழாய் அவள் கைக்கு எட்டும். அதனால்தான் இந்த வேலை ஸ்டூலுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்கிறேன்.

ஒரே பிடியை இப்படியும் அப்படியும் திருப்புகிற மிக்ஸர் குழாய் என்றால் இது இன்னும் முக்கியம். குழந்தை அந்தப் பிடியைத் தூக்கத்தான் பார்க்கும், எந்தப் பக்கம் தூக்குகிறோம் என்று பார்க்காது.

அடுத்தது கீசர். 60 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர் பெரியவர்களின் தோலையே ஐந்து விநாடியில் ஆழமாகப் பொசுக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. அதே தண்ணீர் 49 டிகிரியில் இருந்தால் பெரியவர்களுக்கு அதே காயம் ஏற்படப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் குழந்தை கையை இழுத்துக்கொள்ள, நீங்கள் ஓடிவர நேரம் இருக்கிறது. நம் வீட்டு கீசர்கள் பலவற்றில் சூடு 60-க்கும் மேலே போய்த்தான் தானாக நிற்கும். அடியில் சூட்டைக் குறைக்கும் திருகு வெளியே இருந்தால் குறைத்து வையுங்கள். மூடிக்கு உள்ளே இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுச் செய்யட்டும்.

திருகே இல்லை என்றால் நேரத்தைக் கொண்டு கட்டுப்படுத்தலாம். 15 லிட்டர் கீசர்களில் பெரும்பாலானவை 2,000 வாட். மேல்தொட்டித் தண்ணீர் 28 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை 48 டிகிரிக்குக் கொண்டுபோக அந்த கீசருக்குப் பத்துப் பதினோரு நிமிடம் போதும். 65-க்குப் போக இருபது நிமிடம் ஆகும். "கீசரைப் போட்டுவிட்டு டிபன் வேலையைப் பார்த்தேன்" என்கிற வீடுகளில் எல்லாம் இந்த இருபது நிமிடம்தான் நடக்கிறது. பத்து நிமிடத்துக்கு மொபைலில் அலாரம் வையுங்கள். அடித்ததும் கீசரை அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரைப் பிடித்துச் சமையல் தெர்மாமீட்டரால் ஒருமுறை அளந்து பாருங்கள். பழைய கீசரில் உப்புப் படிந்து சூடேறும் வேகம் மாறியிருக்கலாம், ஆகவே என் கணக்கைவிட உங்கள் தெர்மாமீட்டரை நம்புங்கள். குழந்தை பாத்ரூமுக்குள் வருவதற்கு முன் கீசர் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும்.

வாளியில் விளாவும்போது எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. அடிவரை கையை விட்டுக் கலக்கி, முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகே அவளை உள்ளே கூப்பிடுங்கள். குளிக்கும் தண்ணீர் 37, 38 டிகிரி இருந்தால் போதும், அது உடம்புச் சூடுதான். குளித்து முடித்ததும் வாளியைக் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தலைப்பக்கம் கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் அவர்களால் திரும்பி எழ முடியாது, அரை வாளித் தண்ணீரே போதும், சத்தமும் வராது. தண்ணீர் வராத நாளுக்கென்று டிரம்மில் பிடித்து வைக்கிற வழக்கம் உங்கள் பகுதியில் உண்டு. அந்த டிரம்முக்கு இறுக்கமான மூடி இருக்கட்டும், முடிந்தால் பாத்ரூமுக்கு வெளியே அவள் போகாத இடத்தில் இருக்கட்டும்.

ஏப்ரல், மே மாதத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் வெயில் படுகிற குழாய் வழியாக வரும் பச்சைத் தண்ணீர் மதியம் ஒரு மணிக்குத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் வரும். வெந்நீரை மூடிவிட்டோம் என்று அந்த மாதங்களில் நிம்மதியாக இருக்க முடியாது. பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவப் போகிறாள் என்றால், அதற்கு முன் நீங்கள் குழாயைத் திறந்து, குழாயில் தேங்கியிருக்கும் சூடான தண்ணீரை ஒரு மக்கில் பிடித்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

இப்போது ஸ்டூலுக்கு வரலாம். உயரத்தைக் கடையில் முடிவு செய்யாதீர்கள், வீட்டில் முடிவு செய்யுங்கள். மகளை வெறுங்காலோடு நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை இஞ்ச் டேப்பால் அளங்கள். 97 செ.மீ. உயரக் குழந்தைக்கு அது 58 செ.மீ. சுமார் இருக்கும். பேசின் விளிம்பு 84. ஆக 26 செ.மீ. உயர்த்தினால் விளிம்பு முழங்கைக்கு நேராக வரும். அதற்குக் குறைந்தால் கையைத் தூக்கிப் பிடித்துத்தான் கழுவ முடியும், தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போகும். தினமும் சட்டை நனைகிறது என்றால் பிள்ளை கவனக்குறைவாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், ஸ்டூல் குட்டை. இரண்டு செ.மீ. கூடுதலாக, 28 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். விளிம்பு அவள் இடுப்புக்கு இறங்கினால் எட்டிப் பிடிக்கும்போது முன்பக்கம் கவிழ்வாள்.

26 செ.மீ.யை ஒரே எட்டில் ஏற அவளால் முடியாது. முழங்காலை ஊன்றித்தான் ஏறுவாள், அந்த நேரத்தில் ஒருபக்கமாகப் பாரம் விழுந்து ஸ்டூல் சாயும். ஆகவே 13, 13 என்று இரண்டு படி உள்ளதை வாங்குங்கள். மேல்படி அவளுடைய இரண்டு பாதமும் தாராளமாக நிற்கும் அகலம் இருக்கட்டும். குறைந்தது 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் மேல்பாகத்தைவிட விரிந்திருக்க வேண்டும். கடையிலேயே மேல்படியின் ஓரத்தில் உங்கள் கையை ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கால் தூக்கினால் அது வேண்டாம். பாத்ரூமுக்குள் வைப்பதால் மரம் வேண்டாம், ஊறி மூட்டு விட்டுவிடும். கனமான பிளாஸ்டிக் நல்லது, ஆனால் மேலே விழும் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கால்களில் ரப்பர் இருக்க வேண்டும். அந்த ரப்பர் உப்புத் தண்ணீரிலும் சோப்பிலும் நாளடைவில் கெட்டிப்பட்டு வழுக்கத் தொடங்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும், அமுங்கவில்லை என்றால் மாற்றுங்கள்.

ஸ்டூலை வைத்துவிட்டு ஒரு பத்து நாள் அவள் குதிகாலைக் கவனியுங்கள். பேசினின் முன் விளிம்பிலிருந்து குழாய்ப் பிடி பல வீடுகளில் 35, 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. அவள் கை நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வயிறு விளிம்பில் முட்டும், அதற்கப்புறம் எட்டுவதற்காக நுனிக்காலில் எம்புவாள். குதிகால் தூக்குகிறது என்றால் ஸ்டூல் சரியான உயரத்தில் இருந்தும் குழாய் தூரமாக இருக்கிறது என்று பொருள். தண்ணீரை முன்னால் கொண்டுவரக் குழாய் வாயில் மாட்டும் சிலிக்கான் நீட்டி கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். பிடி சுற்றிச் சுற்றித் திருகுகிற பழைய மாதிரியாக இருந்தால், சோப்புக் கையால் அவளால் மூடவே முடியாது. முழுவதும் மூடாமல் சொட்டுகிறது என்று நீங்கள் திட்டுவீர்கள், அவளிடம் தப்பு இல்லை. கால் வட்டம் திருப்பினால் திறந்து மூடுகிற, நீளப் பிடி உள்ள குழாயைப் பிளம்பர் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்து, வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம்.

ஸ்டூலோடு சேர்த்து நீங்கள் சோதிக்க வேண்டியது பேசினையே. கீழே தூண் இல்லாமல் சுவரில் மட்டும் மாட்டிய பேசின் என்றால் முன் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆட்டம் கண்டாலோ, சுவரோடு சேரும் இடத்தில் வெள்ளைச் சிமெண்ட் விரிசல் விட்டிருந்தாலோ ஸ்டூல் வருவதற்கு முன் பிளம்பரைக் கூப்பிட்டு முறுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் பேசினைப் பிடித்துத் தொங்குவார்கள். பீங்கான் கழன்று உடைந்தால் அதன் விளிம்பு கத்தி மாதிரி வெட்டும். இதை ஓனரிடமும் சொல்லிவிடுங்கள், செலவு யாருடையது என்று வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் அடியில் உறிஞ்சிக் குமிழ்கள் உள்ள ரப்பர் மேட்டை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பையன் மேட்டோடு சேர்ந்து சறுக்கி, கீழ்க்குழாயில் நெற்றி இடித்துக்கொண்டான். நல்ல வேளை, வீக்கத்தோடு போயிற்று. காரணம் பின்னால்தான் புரிந்தது. அந்தக் குமிழ்கள் குளியல் தொட்டியின் வழவழப்பான பரப்புக்காகச் செய்தவை. நம் பாத்ரூம்களில் போடும் சொரசொரப்பான டைல்ஸில் குமிழுக்கு அடியில் காற்று புகுந்துவிடும், பிடிக்காது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள கோட்டின் மேல் விழுந்த குமிழும் பிடிக்காது. பிடிக்காத குமிழ் மேட் வெறும் தரையைவிட மோசம், நனைந்த டைல்ஸ் மேல் சக்கரம் மாதிரி ஓடும்.

உங்கள் தரை சொரசொரப்பாக இருந்தால் குமிழ் இல்லாத, கனமான, வலைபோல் ஓட்டைகள் உள்ள பிவிசி மேட் வாங்குங்கள். தண்ணீர் அடியில் ஓடி வடிந்துவிடும். குளிக்க நிற்கிற இடத்துக்கும் ஸ்டூல் பக்கத்து இடத்துக்கும் தனித்தனித் துண்டுகள் போதும். ஸ்டூலையே மேட் மேல் வைக்காதீர்கள், ஆடும். தரை முழுவதையும் மூடவும் வேண்டாம். மூடினால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது, ஒரு வாரத்தில் வழவழவென்று பாசி பிடித்துவிடும். தினமும் ராத்திரி மேட்டைத் தூக்கிக் குழாயின் மேல் தொங்கவிட்டுக் காயவையுங்கள். மாமியாருக்காக ஓரம் சரிவாக மெலிந்த மேட்டாகப் பாருங்கள். பெரியவர்கள் காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள், இழுத்து வைப்பார்கள். தடித்த ஓரத்தில் கால் கட்டைவிரல் தட்டும். போட்ட பிறகு தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் ஊற்றி, நீங்கள் ஏறி நின்று ஒரு காலால் முறுக்கிப் பாருங்கள். நகர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் உப்புத் தண்ணீர் வீட்டில் மேட் மட்டும் பாதி வேலைதான் செய்யும். உங்கள் போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளைப் படலமாகத் தரையில் ஒட்டும். காய்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும், நனைந்தால் எண்ணெய் மாதிரி வழுக்கும். "டைல்ஸ் வழுக்குது, மாத்தணும்" என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் செய்வது ஒரு டைல்ஸை மட்டும் தேய்த்துக் காட்டுவதுதான். சம அளவு தண்ணீர் கலந்த வினிகரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். வாரம் ஒருமுறை போதும். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் கலந்த எதையுமோ அதோடு சேர்க்காதீர்கள், நச்சுப் புகை வரும். கடை ஆசிட் ஊற்றாதீர்கள். அது டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரித்துவிடும், அந்தக் குழியில்தான் அடுத்த பாசி உட்காரும். வீட்டில் ஆசிட் பாட்டில் ஏற்கெனவே இருந்தால், ஸ்டூல் வந்த பிறகு பாத்ரூம் அலமாரி பாதுகாப்பான இடம் இல்லை. ஸ்டூலை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி ஏறலாம் என்று அவள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள். பிளேடு, ஷேவிங் செட், கழிவறை திரவம் எல்லாம் பாத்ரூமை விட்டே வெளியேறட்டும்.

பலர் கவனிக்காத இடம் பாத்ரூம் வாசல். உள்ளே சொரசொரப்பான டைல்ஸ், வெளியே ஹாலில் பளபளக்கும் வழவழத் தரை. குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவரும் குழந்தை சறுக்குவது வெளியே வைக்கும் முதல் இரண்டு அடியில்தான். அடியில் ரப்பர் பூசிய, தண்ணீரை உறிஞ்சுகிற கால்மிதி அங்கே வேண்டும். பழைய புடவையை மடித்துப் போடுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அது மாமியாருக்கும் ஆபத்து.

கடைசியாகக் கொக்கி. "குழந்தைக்குத் தாழ்வாக" என்று பெரும்பாலோர் குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் மகளின் கண் தரையிலிருந்து 87 செ.மீ. அளவில் இருக்கும். அந்த உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி, சறுக்கி விழும்போது எங்கே படும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் தலைக்குச் சற்று மேலே, 108 செ.மீ.யில் வையுங்கள். கையைத் தூக்கினால் எட்டும், கண்ணுக்கு நேராக வராது. வருடத்துக்கு ஆறேழு செ.மீ. வளர்கிறாள் என்று வைத்தாலும், ஆறு வயது வரைக்கும் அந்த உயரம் அவள் கண்ணுக்கு மேலேதான் இருக்கும். கூர் நுனி உள்ள கம்பிக் கொக்கி வேண்டாம், உருண்டை முனை உள்ள தடித்த பிளாஸ்டிக் போதும். நடக்கும் வழியில் இல்லாமல் கதவுக்குப் பின்பக்கச் சுவர் மாதிரி ஓரமான இடம் நல்லது.

ஒட்டும் கொக்கி விழுவது பசை மட்டமாக இருப்பதால் அல்ல, பெரும்பாலும் ஒட்டிய விதத்தால். குழந்தை துண்டைத் தூக்கி எடுக்காது, கீழே இழுக்கும். அந்த இழுப்பு துண்டின் கனத்தைவிடப் பல மடங்கு. அதனால் உள்ளதிலேயே பெரிய பட்டை உள்ள கொக்கியாக வாங்குங்கள். தண்ணீர் தெறிக்காத சுவரில், வழவழப்பான டைல்ஸின் நடுவில் ஒட்டுங்கள். முதலில் வினிகரால் உப்புப் படலத்தைப் போக்கி, கழுவி, காயவைத்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாதீர்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான்.

டர்க்கி டவல் அவளுக்குக் கனம், காயவும் நேரமாகும். ஈரிழைத் துண்டைப் பாதியாக வெட்டி ஓரம் அடித்து, நடுவில் ஒரு நாடா வளையம் தையுங்கள். நான்கு விரல் நுழையும் அளவு பெரிய வளையமாக இருக்கட்டும். கொக்கி எட்டினாலும் துண்டைத் தொங்கவிட முடியாமல் கீழே போட்டுவிட்டு வரும் குழந்தைகள், வளையம் வந்ததும் தாங்களே மாட்டுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

கதவின் உள்தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டினால் அதன் மேல் கெட்டியான டேப்பைச் சுற்றி நகராமல் செய்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மேல்தாழ்ப்பாள் போதும். உள்ளே பூட்டிக்கொண்டு பயத்தில் அழும் குழந்தைக்குக் கதவுக்கு வெளியே நின்று "இப்படித் திருப்பு கண்ணு" என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

வாங்கும் வரிசை கேட்டிருந்தீர்கள். தெர்மாமீட்டர், வாசலுக்குக் கால்மிதி, உள்ளே மேட், பிறகு ஸ்டூல், கொக்கி. ஸ்டூலை அவளிடம் கொடுத்த பிறகும் பல் தேய்க்கவும் கை கழுவவும் மட்டும் அவளாகப் போகட்டும். குளிக்கும்போது நீங்களோ மாமியாரோ உள்ளேயே இருங்கள், சோப்புப் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவள் கையால் நடக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழங்கை உயரத்தை மறுபடி அளங்கள். அது 68 செ.மீ.யைத் தாண்டும்போது மேல்படி தேவைப்படாது. அப்போது 15 செ.மீ. உயரத்தில் ஒற்றைப்படி ஸ்டூல் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.